லாம் விடுபட்டால் பொருள் புரண்டுவிடும்: அரபியில் சத்தியச் சொல்லும் உறுதி லாமும்

அரபியில் 'வல்லாஹி' என்று தொடங்கிவிட்டாலே சொல்வது உறுதியாகிவிடும் என்று தொடக்க மாணவர்கள் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 'வல்லாஹி' பாதி வேலையைத்தான் செய்கிறது. அடுத்து வரும் வாக்கியம் அந்தச் சத்தியத்தோடு முறைப்படி பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்தப் பிணைப்பைத் தருவது பெரும்பாலும் 'ல' என்ற ஒற்றை எழுத்து, அதாவது உறுதி லாம். அதை விட்டுவிட்டால் உறுதி குறைவதோடு போகாது. சில இடங்களில் 'செய்வேன்' என்பது 'செய்யமாட்டேன்' ஆகிவிடும்.

இந்தக் கட்டுரையில் அரபிச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். லாம் ஒட்டியிருக்கும் இடத்தில் சிறு கோடு போட்டிருக்கிறேன். குறில் 'ல' உறுதிக்கு, நெடில் 'லா' மறுப்புக்கு. இந்த வேறுபாட்டை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டால் போதும்.

சத்தியத்தின் இரண்டு பாகங்கள்

அரபி இலக்கணத்தில் சத்தியத்துக்குப் பெயர் கஸம். அதற்கு இரண்டு பாகங்கள் உண்டு. முதல் பாகம், எதன்மீது ஆணையிடுகிறோமோ அது: 'வல்லாஹி', அதாவது அல்லாஹ்வின் மீது ஆணையாக. இரண்டாவது பாகம், எதை உறுதிப்படுத்த ஆணையிட்டோமோ அந்தச் செய்தி. இதை ஜவாபுல் கஸம், சத்தியத்தின் ஜவாப், அதாவது பதில், என்பார்கள். முதல் பாகம் தனியே நின்றால் கேட்பவர் 'சரி, என்ன விஷயம்?' என்று காத்திருப்பார். ஜவாப் வந்த பிறகுதான் பேச்சு முடியும்.

முதல் பாகத்தை உருவாக்க மூன்று எழுத்துகள் புழக்கத்தில் இருக்கின்றன: வாவ், பா, தா. வல்லாஹி, பில்லாஹி, தல்லாஹி என்று மூன்றும் ஒரே பொருளைத்தான் தருகின்றன. ஆனால் ஒன்றின் இடத்தில் மற்றதை எப்போதும் போட முடியாது. மூன்றிலும் மூத்தது பா. 'சத்தியம் செய்கிறேன்' என்ற வினைச்சொல்லை வெளிப்படையாகச் சொன்னால் இதுதான் வரும்: 'உக்ஸிமு பில்லாஹி'. 'உன்மீது ஆணை' என்று பிரதிப்பெயரோடு சேரக்கூடியதும் பா மட்டுமே. வாவ் வந்தால் அந்த வினைச்சொல் மறைந்தே ஆக வேண்டும். 'உக்ஸிமு வல்லாஹி' என்று, 'அல்லாஹ்வின் மீது சத்தியம் செய்கிறேன்' என்ற பொருளில், ஒரே தொடராகச் சொல்வது பிழை. வாவுக்குப் பின் பிரதிப்பெயரும் வராது, பெயர்ச்சொல்தான் வரும். தா இன்னும் குறுகியது. நடைமுறையில் அல்லாஹ் என்ற பெயரோடு மட்டும் சேரும், வியப்பின் சாயலும் அதில் கொஞ்சம் உண்டு.

மூன்றுக்கும் பொதுவான அடையாளம் ஒன்று: அடுத்து வரும் பெயர் இகரத்தில் முடியும். 'வல்லாஹி' என்றால் ஆணை. 'வல்லாஹு' என்றால் 'மேலும் அல்லாஹ்…' என்று அடுத்த வாக்கியம் தொடங்குகிறது, அங்கே சத்தியமே இல்லை. எழுத்து ஒன்று, கடைசி உயிர்க்குறி மட்டும் வேறு. ஓதும்போது இந்த ஈற்றைத் தின்றுவிடுபவர்களுக்கு 'மேலும்' என்ற வாவ் எது, ஆணை வாவ் எது என்று பிரித்தறிய வழி இருக்காது.

ஜவாபின் வகையைப் பார்த்து லாம்

ஜவாப் எப்படிப்பட்ட வாக்கியம் என்பதைப் பொறுத்துத்தான் அதில் எதைச் சேர்ப்பது என்பது முடிவாகும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: ஜவாப் உடன்பாடா, எதிர்மறையா? எதிர்மறை என்றால் உறுதி லாம் பொதுவாக வராது. மா, லா போன்ற மறுப்புச் சொல்லே சத்தியத்தோடு பிணைக்கும் வேலையைச் செய்துவிடும். 'வள்ளுஹா' என்று தொடங்கும் குர்ஆனின் 93-ஆம் அத்தியாயத்தில் முற்பகலின் மீதும் இரவின் மீதும் ஆணை வந்த பிறகு, 'மா வத்தஅக ரப்புக', உம் இறைவன் உம்மைக் கைவிடவில்லை, என்று லாம் இல்லாமல் ஜவாப் வருவது இதனால்தான்.

உடன்பாடு என்றால் மூன்று வழிகள். பெயர்ச்சொல்லில் தொடங்கும் வாக்கியம் என்றால் 'திண்ணமாக' என்ற பொருள் தரும் 'இன்ன' வரும், பெரும்பாலும் கூடவே லாமும் வரும். பலருக்கு மனப்பாடமாக இருக்கும் 103-ஆம் அத்தியாயம் இதற்கு நேரான எடுத்துக்காட்டு: 'வல்-அஸ்ர். இன்னல் இன்ஸான ல-ஃபீ குஸ்ர்.' காலத்தின் மீது ஆணை, திண்ணமாக மனிதன் நட்டத்தில்தான் இருக்கிறான். நடந்து முடிந்த செயல் என்றால் லாமோடு 'கத்' சேர்ந்து 'ல-கத்' ஆகும். 95-ஆம் அத்தியாயத்தில் அத்தி, ஒலிவம், தூர் ஸீனீன், பாதுகாப்பான ஊர் என்று ஆணைகள் அடுக்கி வந்து, 'ல-கத் கலக்னல் இன்ஸான' என்று ஜவாப் விழுகிறது.

கதையே மூன்றாவது வகையில்தான் இருக்கிறது. இனி செய்யப்போகும் செயல் என்றால் வினைக்கு முன்னால் லாம், வினையின் வாலில் உறுதி நூன், இரண்டும் வேண்டும். 'அக்துபு' என்றால் எழுதுகிறேன் அல்லது எழுதுவேன். அதை ஆணையோடு சொன்னால் 'வல்லாஹி ல-அக்துபன்ன', சத்தியமாக எழுதியே தீருவேன். வினையின் ஈற்று உகரம் போய் 'அன்ன' வந்து உட்கார்ந்திருக்கிறது, கவனியுங்கள். 'நீங்கள்' என்ற பன்மையில் இது 'ல-தக்துபுன்ன' ஆகும், ஒரு பெண்ணை நோக்கிச் சொன்னால் 'ல-தக்துபின்ன' ஆகும். நூனுக்கு முன்னால் நிற்கும் அ, உ, இ என்ற உயிர்தான் யார் என்பதைச் சொல்கிறது.

21:57-இல் இப்ராஹீம் நபி சொல்வது இதே அச்சு: 'தல்லாஹி ல-அகீதன்ன அஸ்னாமக்கும்', உங்கள் சிலைகளுக்கு எதிராகத் திட்டம் தீட்டியே தீருவேன். தா, லாம், நூன் மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன.

லாமும் வினையும் ஒட்டியிருந்தால்தான் நூன் வரும். நடுவில் வேறு சொல் புகுந்தால் நூன் போய்விடும். முன் சொன்ன 93-ஆம் அத்தியாயத்திலேயே 'வ-ல-ஸவ்ஃப யுஃதீக ரப்புக' என்று வருகிறது. லாம் 'ஸவ்ஃப'வின் மேல் ஏறிவிட்டதால் 'யுஃதீக' நூன் இல்லாமல் நிற்கிறது.

நூன் எப்போதும் வருங்காலத்தை நோக்கித்தான் இழுக்கும். ஆகவே இப்போதுள்ள நிலையைச் சத்தியமிட்டுச் சொல்ல அது உதவாது. முஆத் என்ற தோழரின் கையைப் பிடித்து நபிகள் நாயகம் சொன்னதாக ஹதீஸில் வரும் சொல், 'வல்லாஹி இன்னீ ல-உஹிப்புக'. நான் உம்மை நேசிக்கிறேன், இப்போதே, ஏற்கெனவே. அதனால் அங்கே 'இன்னீ'யும் லாமும் உண்டு, நூன் இல்லை. 'ல-உஹிப்பன்னக' என்று நூன் போட்டால் 'இனிமேல் நேசிப்பேன்' என்று ஆகிவிடும். ஒருவரிடம் சொல்லக்கூடிய அன்பு மொழி அல்ல அது.

லாம் இல்லையென்றால்

இப்போது 'வல்லாஹி அக்துபு' என்று மட்டும் ஒருவர் எழுதினால்? தமிழ் மனத்துக்கு இது 'அல்லாஹ்மீது ஆணை, எழுதுவேன்' என்றுதான் படும். செவ்வியல் அரபி இலக்கணப்படி இதன் பொருள் 'எழுதமாட்டேன்'.

காரணம் எளிது. ஆணைக்குப் பிறகு வரும் உடன்பாடான வருங்கால வினைக்கு லாமும் நூனும் கட்டாயம். எதிர்மறைக்கு அவை கிடையாது. 'லா' என்ற மறுப்புச் சொல்லை மட்டும், பொருள் தெளிவாக இருக்கும்போது, சொல்லாமல் விட்டுவிடலாம். ஆக, ஆணைக்குப் பின்னால் லாமும் நூனும் இல்லாமல் வெறும் வினை நின்றால், கேட்பவர் ஒரே முடிவுக்குத்தான் வருவார்: இது உடன்பாடாக இருந்தால் லாம் இருந்திருக்கும். இல்லை என்பதால் இங்கே ஒரு 'லா' மறைந்திருக்கிறது.

இதற்கான சான்று யூஸுஃப் அத்தியாயத்தில் இருக்கிறது. மகனை நினைத்து உருகும் யஃகூப் நபியிடம் வீட்டார் சொல்கிறார்கள் (12:85): 'தல்லாஹி தஃப்தஉ தத்குரு யூஸுஃப.' எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'அல்லாஹ்மீது ஆணை, நீங்கள் யூஸுஃபை நினைப்பதை ஓய்கிறீர்கள்' என்றாகும். ஆனால் எல்லா விரிவுரைகளிலும், எந்தத் தமிழ் மொழிபெயர்ப்பிலும், பொருள் 'நினைப்பதை நீங்கள் ஓயவே மாட்டீர்கள்' என்றுதான் இருக்கும். மொழிபெயர்த்தவர் தம் கையிலிருந்து மறுப்பைச் சேர்க்கவில்லை. உடன்பாடு என்றால் 'ல-தஃப்தஅன்ன' என்று வந்திருக்க வேண்டும், வரவில்லை. இந்த வினை வழக்கமாக மறுப்போடுதான் வரும் என்பதும் கூடுதல் தடயம்.

இஸ்லாத்துக்கு முந்தைய கவிஞர் இம்ருல் கைஸின் புகழ்பெற்ற ஓர் அடியிலும் இதே விடுபாடு உண்டு. 'யமீனல்லாஹி அப்ரஹு காஇதன்', அல்லாஹ்மீது ஆணை, இங்கிருந்து அகலாமல் உட்கார்ந்தே இருப்பேன். அங்கும் 'அப்ரஹு'வுக்கு முன்னால் 'லா' கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. ஆகவே இது பழைய அரபியரின் நாவிலேயே இருந்த வழக்கம்.

இன்றைய பேச்சரபியில் இந்த விதியைத் தேடாதீர்கள். கெய்ரோ, துபாய்த் தெருக்களில் 'வல்லா' என்பது 'அப்படியா?' என்று கேட்கவும், பேச்சின் நடுவே ஒரு பிடிமானமாகவும் பயன்படுகிறது. உறுதி நூன் அந்தப் பேச்சில் இல்லை, மறுப்பை 'மா' சொல்லிவிடும். வளைகுடாவில் வேலை பார்த்துப் பேச்சரபி பழகியவர்கள் குர்ஆனுக்கு வரும்போது இந்த இடத்தில் தடுமாறுவது இயல்புதான்.

கண்ணை ஏமாற்றும் லாம்-அலிஃப்

தமிழ் எழுத்தில் 'ல'வும் 'லா'வும் குழம்ப வழியில்லை. அரபி எழுத்தில் உண்டு. 'நான்' என்று பேசும் வினை அலிஃபில் தொடங்கும். அதற்கு முன்னால் உறுதி லாமை ஒட்டினால் லாமும் அலிஃபும் பின்னிக்கொண்டு, மறுப்புச் சொல்லான 'லா'வைப் போலவே காட்சி தரும். 'ல-அக்துபன்ன' என்பதை 'லா அக்துபு' என்று அவசரத்தில் படித்துவிடுவது இப்படித்தான். வித்தியாசத்தைக் காட்டுவன மூன்று: அலிஃபின் தலையில் ஹம்ஸா இருக்கிறதா, பின்னால் இன்னோர் அலிஃப் தனியாக இருக்கிறதா, வினையின் வாலில் நூன் இருக்கிறதா. ஹம்ஸா உண்டு, அடுத்த அலிஃப் இல்லை, நூன் உண்டு என்றால் அது உறுதி.

இந்தச் சோதனையும் ஓரிடத்தில் சறுக்கும். 27:21-இல் சுலைமான் நபி, அவையில் காணாமல் போன ஹுத்ஹுத் பறவையைப் பற்றி மூன்று முடிவுகள் சொல்கிறார்: 'ல-உஅத்திபன்னஹூ அதாபன் ஷதீதன், அவ் ல-அத்பஹன்னஹூ, அவ் ல-யஃதியன்னீ பிஸுல்தானின் முபீன்.' கடுமையாகத் தண்டிப்பேன், அல்லது அறுத்தே விடுவேன், அல்லது அது தெளிவான ஆதாரத்தோடு என்னிடம் வந்தாக வேண்டும். இதில் நடுச்சொல்லான 'ல-அத்பஹன்னஹூ' உஸ்மானிய எழுத்துமுறையில் கூடுதலாக ஓர் அலிஃபோடு எழுதப்படுகிறது. அந்த அலிஃபுக்கு ஓசை கிடையாது. அச்சுப் பிரதிகளில் அதன் மேல் ஒரு சிறு வட்டம் இருப்பது 'இதைப் படிக்காதே' என்பதற்காக. தெரியாமல் நீட்டி 'லா' என்று ஓதினால் 'அறுப்பேன்' என்பதற்கு முன்னால் மறுப்பு வந்து நிற்கும். அங்கே நம்மைக் காப்பாற்றுவது வாலில் இருக்கும் 'ன்ன'தான்.

அதே வசனத்தில் இன்னொன்றையும் பாருங்கள். சுலைமான் நபி 'வல்லாஹி' என்று சொல்லவே இல்லை. ஆனாலும் மூன்று வினைகளிலும் லாமும் நூனும் வந்திருக்கின்றன. இப்படி வந்தால் சொல்லப்படாத ஒரு சத்தியம் முன்னால் இருப்பதாக இலக்கண அறிஞர்கள் கொள்வார்கள். சத்தியம் மறைந்தாலும் லாம் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

உயிர்க்குறி போடாத நூல்களில் இன்னொரு பொறி உண்டு. லாம், யா, காஃப், தா, பா, நூன் என்ற எழுத்துக்கோவையை 'ல-யக்துபன்ன', அவன் எழுதியே தீருவான், என்றும் படிக்கலாம். 'லி-யக்துப்ன', அந்தப் பெண்கள் எழுதட்டும், என்றும் படிக்கலாம். முன்பின் வாக்கியங்களைப் பார்க்காமல் முடிவு செய்ய இயலாது. முன்னால் ஆணைச் சொல் இருந்தால் முதல் வாசிப்புக்கே சாய்வது பாதுகாப்பு.

'இன்ன'வோடு வரும் லாம் எங்கே உட்காரும்?

லாமின் இயல்பான இடம் வாக்கியத்தின் தலை. 'இன்ன'வுக்கும் அதே இடம்தான். உறுதி தரும் இரண்டு சொற்கள் தலையில் அடுத்தடுத்து நிற்பதை அரபி விரும்புவதில்லை, எனவே லாம் பின்னால் தள்ளப்படுகிறது. அதற்கு 'நழுவவிடப்பட்ட லாம்', அல்-லாமுல் முஸஹ்லக, என்றே பெயர். வழக்கமாக அது பயனிலையின் மேல் போய் உட்காரும்: 'இன்ன ஸைதன் ல-காஇமுன்', ஸைத் திண்ணமாக நின்றுகொண்டிருக்கிறான். 'இன்ன ல-ஸைதன்' என்று லாமை 'இன்ன'வின் பக்கத்திலேயே வைப்பது தொடக்க மாணவர் எழுத்தில் அடிக்கடி காணும் பிழை. பயனிலை முந்திக்கொண்டு எழுவாய் பின்னால் போனால் மட்டும் லாம் எழுவாயின் மேல் ஏறலாம். 79:26-இல் 'இன்ன ஃபீ தாலிக ல-இப்ரதன்' என்று வருவது அப்படி.

'என்று' என்ற பொருளில் வாக்கியங்களை இணைக்கும் 'அன்ன'வோடு இந்த லாம் வராது. 'அறிவேன்' போன்ற வினைக்குப் பிறகு வழக்கமாக 'அன்ன' வரும். ஆனால் அந்த வாக்கியத்துக்குள் லாம் புகுந்துவிட்டால் 'அன்ன' என்பது 'இன்ன'வாக மாறியே ஆக வேண்டும். அகரமா இகரமா என்று தடுமாறும்போது பின்னால் லாம் இருக்கிறதா என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

எவ்வளவு உறுதி, யாருக்கு?

இத்தனை உறுதிச் சொற்களை எப்போது போடுவது என்பதற்கு அளவுகோல் கேட்பவர்தான். 11-ஆம் நூற்றாண்டின் இலக்கிய அறிஞர் அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி ஓர் உரையாடலைப் பதிவு செய்திருக்கிறார். தத்துவ அறிஞர் அல்-கிந்தி, அபுல் அப்பாஸ் என்ற இலக்கண அறிஞரிடம் வந்து, அரபியில் வெற்றுச் சொற்கள் மலிந்திருக்கின்றன என்று குறை சொன்னாராம். 'அப்துல்லாஹி காஇமுன்', 'இன்ன அப்தல்லாஹி காஇமுன்', 'இன்ன அப்தல்லாஹி ல-காஇமுன்' என்று மூன்று விதமாகச் சொல்கிறார்கள், மூன்றும் அப்துல்லாஹ் நிற்கிறார் என்ற ஒன்றைத்தானே சொல்கின்றன? முதல் வரியில் 'அப்து' என்று உகரத்தில் நிற்பது, 'இன்ன' வந்ததும் 'அப்த' என்று அகரமாகிறது, 'அல்லாஹி' என்ற ஈறு மூன்றிலும் மாறுவதில்லை. அபுல் அப்பாஸின் பதில்: முதலாவது வெறும் செய்தி, இரண்டாவது கேட்டவருக்குப் பதில், மூன்றாவது மறுத்தவருக்கு மறுமொழி.

இந்த ஏற்றத்தை யாஸீன் அத்தியாயத்தில் கண்முன் காணலாம். ஓர் ஊருக்கு இரண்டு தூதர்கள் வருகிறார்கள், ஊரார் பொய் என்கிறார்கள், மூன்றாமவர் வந்து சேர்கிறார். அப்போது அவர்கள் சொல்வது (36:14): 'இன்னா இலைக்கும் முர்ஸலூன்', திண்ணமாக நாங்கள் உங்களிடம் அனுப்பப்பட்டவர்கள். ஏற்கெனவே மறுப்பு வந்துவிட்டதால் 'இன்ன' இருக்கிறது. ஊரார் விடவில்லை: நீங்களும் எங்களைப் போன்ற மனிதர்கள்தான், அளவற்ற அருளாளன் எதையும் இறக்கவில்லை, நீங்கள் பொய்தான் சொல்கிறீர்கள் என்று அடுக்குகிறார்கள். அடுத்த மறுமொழி (36:16): 'ரப்புனா யஃலமு இன்னா இலைக்கும் ல-முர்ஸலூன்.' செய்தி அதேதான், சொற்களும் அவையேதான். பயனிலையில் ஒரு லாம் ஏறியிருக்கிறது, முன்னால் 'எங்கள் இறைவன் அறிவான்' என்பது சேர்ந்திருக்கிறது. இந்தத் தொடர் சத்தியத்தின் வேலையைச் செய்கிறது என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இதிலிருந்து எழுதுபவருக்கு ஒரு நடைமுறை வழி கிடைக்கிறது. யாரும் சந்தேகிக்காத செய்திக்கு 'இன்ன'வும் லாமும் சத்தியமும் போட்டால், கேட்பவர் 'யார் மறுத்தது?' என்று திரும்பிப் பார்ப்பார். 63-ஆம் அத்தியாயத்தின் தொடக்கம் இந்தச் சந்தேகத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது. நயவஞ்சகர்கள் நபியிடம் வந்து 'நஷ்ஹது இன்னக ல-ரஸூலுல்லாஹ்' என்கிறார்கள்: சாட்சி சொல்கிறோம், திண்ணமாக நீர் அல்லாஹ்வின் தூதர்தான். அவரிடமே போய், சாட்சிச் சொல், இன்ன, லாம் என்று மூன்று பூட்டு. பதிலும் அதே மூன்று பூட்டோடு வருகிறது: 'வல்லாஹு யஷ்ஹது இன்னல் முனாஃபிகீன ல-காதிபூன்', அந்த நயவஞ்சகர்கள் பொய்யர்கள்தாம் என்று அல்லாஹ் சாட்சி சொல்கிறான். தூதர் என்ற செய்தி பொய்யல்ல என்பதை நடுவில் ஒரு வாக்கியம் தனியே சொல்லிவிடுகிறது: 'வல்லாஹு யஃலமு இன்னக ல-ரஸூலுஹு'. பொய் என்று சுட்டப்படுவது, மனதில் இல்லாததைச் சாட்சியாகச் சொன்னது. இரண்டு இடத்திலும் 'வல்லாஹு' என்று உகர ஈறு. அது ஆணை அல்ல, எழுவாய். அடுத்த வசனம்தான் அவர்களுடைய சத்தியங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: அவற்றை அவர்கள் கேடயமாக்கிக்கொண்டார்கள் என்று.